முன்பதிவில் 8,820 ரூபாய், கவுண்டரில் 10,944 ரூபாய்: இராமநாதபுரம் கடற்கரை விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம், பாம்பன், இராமேசுவரம், அரியமான், ஏர்வாடி எனக் கரையோரம் நெடுக விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவருக்கும் எனக்கும் நடந்த ஒரு கணக்குத் தகராறைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பணம் திரும்பி வந்துவிட்டது, அதோடு அவர் பாடு முடிந்தது. ஆனால் தகராறின் நடுவில் அவருடைய மேலாளர் ஒரு வார்த்தை சொன்னார்: “இந்தப் பக்கம் எல்லா ரிசார்ட்டிலும் இப்படித்தான் சார் வாங்குகிறார்கள்.” அது உண்மையானால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் உரியது. பொய்யானால், உங்கள் எல்லோருடைய பெயரையும் கெடுத்துக்கொண்டிருப்பவர் உங்களுக்குள்ளேயே இருக்கிறார். அவரை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அக்னி தீர்த்தத்தில் தகப்பனாருக்குத் திதி கொடுத்துவிட்டு, இரண்டு இரவு கடற்கரையில் தங்கலாம் என்று நானும் என் மனைவியும் ஒரு முன்பதிவுத் தளத்தின் வழியாக அறை எடுத்தோம். மின்னஞ்சலில் வந்த உறுதிச் சீட்டில் இப்படி இருந்தது: அறை வாடகை இரவுக்கு 4,200 ரூபாய், இரண்டு இரவுக்கு 8,400. ஜிஎஸ்டி 5 சதவீதம், 420. மொத்தம், வரிகள் உட்பட, 8,820. செலுத்திய முன்பணம் 2,000. விடுதியில் செலுத்த வேண்டியது 6,820. விடுதியின் விதிமுறைகள் என்ற பகுதியில் நாய், பூனை அனுமதியில்லை, மாலையில் குளத்தில் குளிக்கக் கூடாது என்பன போன்ற நான்கைந்து வரிகள். வேறு எந்தக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை.

அறையைக் காலி செய்யும் காலையில் மேசைக்கு வந்த பில்லில் 8,944 ரூபாய் பாக்கி என்று இருந்தது. நடுவில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ரிசார்ட் கட்டணம், தலைக்கு இரவுக்கு 450, இரண்டு பேருக்கு இரண்டு இரவு, 1,800. அதன்மேல் 18 சதவீத வரி, 324. ஆக 2,124 ரூபாய் கூடுதல்.

எதற்கு என்று கேட்டேன். நீச்சல் குளம், வைஃபை, கடற்கரை நாற்காலி என்று பதில் வந்தது. நாங்கள் குளத்தில் கால் நனைக்கவில்லை, அது வேறு. பயன்படுத்தினேனா இல்லையா என்பதை நான் வாதமாகவே எடுக்கவில்லை, எடுத்திருந்தால் தோற்றிருப்பேன். “வசதி இருந்தது, நீங்கள் பயன்படுத்தவில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் கேட்டது வேறு கேள்வி: இந்தக் கட்டணம் நான் அறை எடுத்தபோது எனக்குச் சொல்லப்பட்டதா?

மேலாளர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். அவரிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. உங்கள் மேசைகளிலும் இதே மூன்றுதான் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, வரவேற்பறைச் சுவரில் மாட்டிய பலகை. பளபளப்பான பலகைதான், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். ஆனால் அதை நான் பார்க்கும்போது ஒப்பந்தம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உறுதிச் சீட்டு என் கைக்கு வந்த நிமிடத்தில், இன்ன அறை, இன்ன தேதி, இன்ன விலை என்று இரு தரப்புக்கும் பேச்சு முடிந்துவிட்டது, முன்பணமும் கைமாறிவிட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முடிந்த ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஒரு தரப்பு சுவரில் எழுதி மாட்டினால் மாறிவிடாது. இதற்கென்றே வாய்த்தது போல இங்கிலாந்தில் 1949-இல் ஒரு விடுதி வழக்கு நடந்திருக்கிறது, நம் சட்டக் கல்லூரிகளிலும் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தம்பதியர் கீழே மேசையில் பணம் கட்டிவிட்டு மாடிக்குப் போகிறார்கள். படுக்கையறைச் சுவரில், பொருள் திருட்டுப் போனால் விடுதி பொறுப்பில்லை என்று ஓர் அறிவிப்பு. பிறகு அந்த அம்மாளின் விலையுயர்ந்த மென்மயிர்த் தோல் உடுப்புகள் திருடு போயின. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒப்பந்தம் கீழே மேசையிலேயே முடிந்துவிட்டது, மாடிச் சுவரில் இருப்பது அதில் சேராது. மேசையிலிருந்து மாடிக்குப் போவதற்குள்ளேயே அந்த அறிவிப்பு தாமதமாகிவிட்டதென்றால், மதுரையில் பணம் கட்டிவிட்டு மண்டபம் வந்து சேர்ந்தவனுக்கு உங்கள் பலகை எம்மாத்திரம்?

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. “நீங்கள் வந்தபோது பதிவு அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே சார்.” போட்டிருந்தேன். பெயர், முகவரி, ஆதார் எண், வண்டி எண் எல்லாம் எழுதும் அட்டையின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், தங்கும் காலத்தில் விதிக்கப்படும் அனைத்துக் கட்டணங்களையும் செலுத்தச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி இருந்தது. உங்களுக்கு உண்மையில் ஏதாவது பிடிமானம் உண்டென்றால் அது இந்த வரிதான். அதில் 450 ரூபாய் என்று எழுதியிருந்து அதன்கீழ் நான் கையெழுத்திட்டிருந்தால், என் வாதம் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஆனால் தொகையும் இல்லை, கட்டணத்தின் பெயரும் இல்லை. ‘அனைத்துக் கட்டணங்கள்’ என்றால் நான் கேட்டு வாங்கிய தேநீர், சலவை, கூடுதல் படுக்கை என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். ஏற்கெனவே விலை பேசி முடித்த அறைக்கு மறுபடி ஒரு விலை என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். நல்லவேளையாக என் மனைவிக்கு எந்தக் காகிதத்தையும் படம் எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. கையெழுத்திடும் முன்பே அந்த அட்டையைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தாள். இல்லாவிட்டால், பின்னாளில் அட்டையில் என்ன இருந்தது என்பதற்கு உங்கள் சொல்லே சாட்சியாக இருந்திருக்கும்.

மூன்றாவது, எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பது. இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் மேசையில் நாளை யாராவது இதையே செய்தால் உங்களுக்குத் திகைப்பு வேண்டாம். அவர்கள் சண்டைக்காரர்கள் அல்லர்.

ரிசார்ட் கட்டணத்தை வாடகையோடு சேர்க்காமல் தனி இனமாகவே பில்லில் வைத்திருக்கச் சொன்னேன். ‘இதர வசதிகள் உட்பட’ என்று ஒரே தொகையாக மாற்றித் தர முன்வந்தார் மேலாளர். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். மாற்றியிருந்தால் என் ஆதாரத்தில் பாதி கரைந்திருக்கும். பிறகு கார்டைக் கொடுத்து இரண்டு முறையாகத் தேய்க்கச் சொன்னேன். முதலில் தகராறில்லாத 6,820, பிறகு தகராறுக்குரிய 2,124. ஒன்றாகத் தேய்த்திருந்தால், வங்கியில் முறையிடும்போது எந்தப் பகுதி சரி, எந்தப் பகுதி தவறு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். தனியாகத் தேய்த்தால் அந்தப் பரிவர்த்தனை முழுவதுமே தகராறுக்குரியது. கைப்பேசியில் க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்புவதை நான் தவிர்த்ததும் இதற்காகத்தான். அதில் பணத்தை நாமே தள்ளிவிடுகிறோம். கார்டில் இருப்பது போல வியாபாரியிடமிருந்து பணத்தைத் திருப்பி இழுக்கும் வழி அங்கே அவ்வளவு எளிதில்லை.

கடைசியாக, பில்லின் இரண்டு நகலிலும் பேனாவால் எழுதினேன்: “ரிசார்ட் கட்டணம் ரூ. 2,124 முன்பதிவில் தெரிவிக்கப்படவில்லை. ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்.” தேதி, நேரம், கையெழுத்து. மேலாளர் கையெழுத்திட மறுத்தார். பரவாயில்லை. அவர்களுடைய நகலிலும் என் எழுத்து ஏறிவிட்டது. ஆட்சேபமில்லாமல் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் எழுதினால், அன்றைக்கு மனமொப்பித்தானே கொடுத்தீர்கள் என்ற பேச்சு வரும்.

ஊர் திரும்பிய அன்று மாலையே கடிதம் எழுதினேன். புதிய மின்னஞ்சலாக அனுப்பாமல், உறுதிச் சீட்டு வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதினேன். என் புகாருக்குக் கீழே, அனுப்பிய தேதியோடும் அனுப்பியவர் முகவரியோடும் உறுதிச் சீட்டு தானாகவே தொங்கிக்கொண்டிருக்கும். யார் படித்தாலும் விரலால் கீழே தள்ளினால் போதும். விடுதியின் முகவரியையும் அதில் சேர்த்தேன். அச்சுப் பிரதி ஒன்று ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் போனது. கடிதம் இவ்வளவுதான்:

“ஐயா, இன்ன எண் முன்பதிவின்படி இரண்டு இரவுக்கு வரிகள் உட்பட மொத்தத் தொகை ரூ. 8,820 என்று நீங்கள் எழுத்தில் உறுதி செய்திருக்கிறீர்கள். உறுதிச் சீட்டு இணைப்பு 1. அதில் ரிசார்ட் கட்டணம் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ கூடுதல் கட்டணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. அறையைக் காலி செய்யும்போது ரூ. 2,124 கூடுதலாக வசூலித்தீர்கள்; பில், இணைப்பு 2. அதை ஆட்சேபத்துடன் செலுத்தினேன். குறிப்பு பில்லிலேயே உள்ளது. வருகைப் பதிவு அட்டையின் படம், இணைப்பு 3. இந்தத் தொகையை 15 நாட்களுக்குள் அதே கார்டுக்குத் திருப்பிச் செலுத்தவும். திருப்ப இயலாது என்றால், இந்தக் கட்டணம் முன்பதிவுக்கு முன்பு எனக்கு எந்த ஆவணத்தில் தெரிவிக்கப்பட்டது என்பதன் நகலை அனுப்பவும்.”

கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்றதெல்லாம். ஆவணத்தைக் காட்டு என்றால் காட்ட வேண்டும், இல்லையென்றால் இல்லையென்று எழுத வேண்டும். கோபத்தையும் மன உளைச்சலையும் நான் கடிதத்தில் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் பதில் எழுதுகிறவர் ‘தங்கள் மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்’ என்று அவற்றுக்கு மட்டும் பதில் எழுதித் தப்பித்துவிடுவார்.

அனுப்பும் முன் உறுதிச் சீட்டை ஒரு முறை அல்ல, எழுத்தெண்ணிப் படித்தேன். ‘விடுதியில் நேரடியாகச் செலுத்த வேண்டிய கட்டணங்கள்’ என்று ஒரு வரி, மடித்து வைத்த பகுதிக்குள் எங்காவது ஒளிந்திருந்தால், என் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். தொகையோடு அந்த வரி இருந்தால் வழக்கே இல்லை. தொகையில்லாமல் ‘கூடுதல் கட்டணம் இருக்கலாம்’ என்று மட்டும் இருந்தால் வாதாடலாம், ஆனால் வெற்றி நிச்சயமில்லை. தளத்தில் இருந்த உங்கள் அறைப் பக்கத்தையும் அன்றைக்கே தேதி தெரியும்படி சேமித்து வைத்தேன். புகார் போன மறுநாள் பக்கங்கள் திருந்திவிடும் என்பது உலக வழக்கம்.

வந்த முதல் பதில், அடுத்த முறை தங்க 15 சதவீதத் தள்ளுபடி. வேண்டாம் என்று எழுதினேன். ஆவணத்தின் நகலைக் கேட்டதற்கு அதில் பதிலே இல்லை என்பதையும் குறித்தேன். அத்துடன் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சேர்த்தேன். உங்களுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இணையச் சந்தையில் விற்பவர் கட்டாயக் கட்டணங்களும் வரியும் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாக, அதன் பிரிவினையோடு காட்ட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டுதல்கள், வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. விலையின் ஒரு பகுதியை மறைத்து வைத்து, வாங்குவது உறுதியான பிறகு வெளிப்படுத்துவது அவற்றில் ஒன்று. விடுதிகளும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சேவைக் கட்டணத்தைப் பற்றியது, ரிசார்ட் கட்டணத்தை நேராகத் தொடவில்லை; அதனால் அதை என் முக்கிய வாதமாக நான் வைக்கவில்லை. எனக்கு உறுதிச் சீட்டு போதும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு நான் இராமநாதபுரம் வர வேண்டியதில்லை என்பதையும் எழுதினேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பழைய சட்டத்தின் காலத்தில், வெளியூர்க்காரன் 2,000 ரூபாய்க்காகத் திரும்பி வரமாட்டான் என்ற கணக்கு உங்களுக்குச் சரியாக வந்திருக்கும். இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊர் விட்டு ஊர் வர வேண்டியவர் நீங்கள்தான்.

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு 1,800 ரூபாய் கார்டுக்கு வந்தது. 324 ரூபாய் வரவில்லை. வரி அரசாங்கத்துக்குப் போய்விட்டது, எங்கள் கையில் இல்லை என்றார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்றால் இது என் தொழில். வசூலித்த கட்டணத்தைத் திருப்பித் தருகிறவர் அதற்கு வரவுக் குறிப்பு எழுத வேண்டும். அதைக் காட்டித் தம் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கென்றே ஜிஎஸ்டி சட்டத்தில் இடம் இருக்கிறது. வரவுக் குறிப்பு எழுதாமல் 1,800-ஐ மட்டும் திருப்பினால், அவர்கள் புத்தகத்தில் நான் இன்னும் ரிசார்ட் கட்டணம் கொடுத்தவனாகவே இருப்பேன்.

அதைவிட, அந்த 18 சதவீதமே எங்கிருந்து வந்தது? அறையை எடுத்தால் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டிய கட்டணம் என்றால் அது அறை வாடகையின் ஒரு பகுதி, அறைக்குரிய வரிதான் அதற்கும். 4,200-உடன் நாளொன்றுக்கு 900 சேர்த்தாலும் 5,100 ஆகிறது. 7,500 ரூபாயைத் தாண்டாத அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். அந்தக் கணக்கில் வரி 90 ரூபாய், வாங்கியது 324. இல்லை, இது அறையைச் சேராத தனிச் சேவை, அதனால்தான் 18 சதவீதம் என்றால், தனிச் சேவையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்திருக்க வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் உங்கள் பில் நிற்காது. இதை எழுதியபோது பதில் வரவில்லை, வரவுக் குறிப்பும் மீதி 324 ரூபாயும் வந்தன. வங்கியில் முறையிடும் வேலையோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும் வேலையோ எனக்கு மிஞ்சவில்லை.

நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. தளத்தில் விலை குறைந்த அறை பட்டியலில் மேலே வரும். தளம் எடுக்கும் கமிஷன் அங்கே காட்டிய வாடகைக்கு மட்டும்தான். கவுண்டரில் வாங்கும் 450-இல் அதற்குப் பங்கில்லை. உப்புக் காற்றில் ஏசி இயந்திரம் துருப்பிடிப்பதும், நல்ல தண்ணீரை லாரியில் வாங்குவதும், அமாவாசைக்கு நிரம்பி வழிந்துவிட்டு மற்ற நாளில் ஈயோட்டுவதும் தெரிந்த கதைதான். செலவு இருக்கிறது என்றால் வாடகையை 5,100 என்று போடுங்கள். இராமநாதசுவாமி கோயிலில் தீர்த்தமாடக் கட்டணம் உண்டு. யாரும் முறையிடுவதில்லை, ஏனென்றால் முதல் வாளித் தண்ணீர் தலையில் விழும் முன்பே சீட்டு வாங்கிவிடுகிறோம்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. கட்டாயமாக வாங்கும் எந்தக் கட்டணமானாலும், முன்பதிவுப் பக்கத்திலும் உறுதிச் சீட்டிலும் மொத்தத்துக்குள் சேர்த்துக் காட்டுங்கள். விருப்பமுள்ளவர் மட்டும் கொடுப்பது என்றால், வேண்டாம் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். அதை மேசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், திட்டு வாங்குவது அவர்கள்தான். ஏற்கெனவே வாங்கியவற்றை உங்கள் புத்தகத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்: வாடிக்கையாளர் கேட்டு வாங்கியவை போக, உறுதிச் சீட்டின் தொகைக்கும் பில்லின் தொகைக்கும் உள்ள ஒவ்வொரு வித்தியாசமும் திருப்பித் தர வேண்டிய ஒரு தொகை. கேட்டு எழுதுகிறவருக்கு மட்டும் திருப்பிவிட்டு மற்றவர் பணத்தை வைத்துக்கொள்வது என்றால், அடுத்த கடிதம் உங்களுக்கு வராது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும். தனியொருவரின் 2,124 ரூபாய்க்கு அப்பால், எல்லா வாடிக்கையாளர்களையும் பாதிக்கும் வழக்கத்தை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து,
உங்கள் பழைய வாடிக்கையாளன்